இரும்பு நிரம்பியும் சிவப்பணு ஏன் சிறிதாகவே இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 24. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. சோர்வாக இருக்கிறதென்று ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4, ஆர்.பி.சி. 5.1, எம்.சி.வி. 61, ஃபெரிட்டின் 8 என்று வந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பிய தலசீமியா டெஸ்ட்டில் ஏ2 3.4, நார்மல் என்று போட்டிருந்தார்கள். நாலு மாதம் இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். இப்போது ஹீமோகுளோபின் 10.8, ஆர்.பி.சி. 5.5, எம்.சி.வி. 63, ஃபெரிட்டின் 42. என் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.8, ஆர்.பி.சி. 4.0, எம்.சி.வி. 69 இருந்தது. அதே மாத்திரையில் அவளுக்கு 12.6 ஆகிவிட்டது, எம்.சி.வி.யும் 85. எங்கள் டாக்டர் தலசீமியா டெஸ்ட்டை மறுபடி எடுக்கச் சொல்கிறார். கூடலூர்க்காரரான என் கணவருக்கும் எடுக்க வேண்டுமாம். நார்மல் என்று வந்ததை ஏன் திரும்ப எடுக்க வேண்டும்? அவருக்கு ரத்தசோகையே கிடையாதே?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் டாக்டர் சொன்னது சரி. இரண்டு பரிசோதனைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உண்டாவதற்கு முன்பே எடுத்துவிடுவது இன்னும் நல்லது. நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துப் பார்த்தால், முதலில் உங்களுக்கு இரண்டு குறைகள் சேர்ந்து இருந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. அது தீர்ந்துவிட்டது. இன்னொன்று ஹீமோகுளோபின் செய்யும் மரபணு ஒன்றில் பிறப்பிலேயே குறை இருக்கும் பீட்டா தலசீமியா ட்ரெய்ட், சில ரிப்போர்ட்டுகளில் தலசீமியா மைனர் என்று போடுவது இதைத்தான். இரும்புக் குறைவு இருந்தவரை அது இதை மறைத்து வைத்திருக்கலாம்.

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். சிவப்பணு என்பது ஹீமோகுளோபின் அடைத்த பை மாதிரி. உள்ளே அடைக்கச் சரக்கு குறைந்தால் பையும் சிறுக்கும். அந்தச் சரக்குக்கு இரும்பும் வேண்டும், குளோபின் என்ற புரதமும் வேண்டும். இரும்பு இல்லாவிட்டாலும் அணு சிறுக்கும், குளோபின் போதாவிட்டாலும் சிறுக்கும். ஆகவே எம்.சி.வி. குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்து எது காரணம் என்று சொல்ல முடியாது. இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று தொடங்குவது பெரும்பாலும் சரியாகவே முடியும். நம் ஊர்ப் பெண்களிடம் இரும்புக் குறைவுதான் அதிகம். ஆனால் மாத்திரைக்குப் பிறகும் எண்ணைத் திரும்பப் பார்க்காமல் விட்டால்தான் தவறு நடக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள், அதனால்தான் இந்தக் கேள்வியே எழுந்திருக்கிறது.

உங்கள் முதல் ரிப்போர்ட்டிலேயே ஒரு தடயம் இருந்தது. அது ஆர்.பி.சி., அதாவது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. இரும்பு தீர்ந்துபோன எலும்பு மஜ்ஜை, பருப்பு தீர்ந்த சமையலறை மாதிரி. சாம்பாரும் நீர்த்துப்போகும், அளவும் குறையும். அணுக்கள் சிறியதாகவும் வரும், எண்ணிக்கையிலும் குறையும். உங்கள் அக்காவின் 4.0 அப்படிப்பட்டது. தலசீமியா ட்ரெய்ட்டில் இரும்புக்குத் தட்டுப்பாடு இல்லை. இரண்டு பீட்டா குளோபின் மரபணுக்களில் ஒன்று சரியாக வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு அணுவிலும் அடைக்கும் சரக்கு குறைவதால், மஜ்ஜை அணுக்களைக் கூடுதலாகச் செய்து ஈடுகட்டப் பார்க்கும். அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறையும், அணுக்கள் மட்டும் மிகச் சிறியதாக, எண்ணிக்கையில் நிறைய இருக்கும். ஹீமோகுளோபின் 9.4 இருக்கும் ஒருவருக்கு அணு எண்ணிக்கை 5.1 என்பது வெறும் இரும்புக் குறைவில் பொதுவாகக் காணப்படாத அளவு.

இதை ஒரு வகுத்தல் கணக்காகவும் போடலாம். எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுத்து வரும் எண்ணுக்கு மென்ட்ஸர் குறியீடு என்று பெயர். 1973 முதல் டாக்டர்கள் பயன்படுத்துவது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா ட்ரெய்ட் பக்கம் சாய்வு, 13க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்வு. அக்காவுக்கு 69-ஐ 4.0 ஆல் வகுத்தால் 17க்குச் சற்று மேல். உங்களுக்கு முதலில் 61-ஐ 5.1 ஆல் வகுத்தால் 12, இப்போது 63-ஐ 5.5 ஆல் வகுத்தால் 11.5. அக்காவின் எண் ஒரு பக்கம் தெளிவாக நிற்கிறது, உங்களுடையது மறுபக்கம்.

ஆனால் இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. யாரை அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும் கைகாட்டிதான் இது. குறிப்பாக மலையில் இருப்பவர்களுக்கு 12, 13, 14 என்று நடுவில் வரும் எண்ணை நம்பவே கூடாது. உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் உடல் தானாகவே சிவப்பணுக்களைச் சற்றுக் கூட்டிக்கொள்ளும். வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும். அணுவின் பருமனை உயரம் மாற்றுவதில்லை என்பதால் உங்கள் 63-க்கு மலையைக் காரணம் சொல்ல முடியாது.

உயரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்கள் அக்காவுக்கு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் ஹீமோகுளோபின் கீழ்நாட்டில் இருப்பதைவிடச் சுமார் 1 கிராம் கூடுதலாக இருப்பதே இயல்பு. மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண்ணுக்கு 12 போதும் என்றால் கோத்தகிரியில் 13 இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 12.6 வந்துவிட்டது என்று அக்கா மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இரும்புக் கிடங்கு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் தேவைப்படும். ஃபெரிட்டின் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துவதே முறை.

ஃபெரிட்டின் என்பது அந்தக் கிடங்கின் கணக்குதான். 15க்குக் கீழே போனால் கிடங்கு காலி என்று பொருள். 30 வரையிலும்கூடப் பற்றாக்குறை என்றே பல டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். 8-லிருந்து 42-க்கு ஏறியிருக்கிறது என்றால் நீங்கள் மாத்திரையை உண்மையாகவே சாப்பிட்டீர்கள், உடலும் அதை உறிஞ்சிக்கொண்டது. இது முக்கியம். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்று வருபவர்களில் பலர் அதைச் சாப்பாட்டோடு விழுங்கி, கையோடு டீயும் குடித்தவர்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. நாளெல்லாம் டீ குடிக்கும் நம் மலையில் இதைக் கேட்காமல் தலசீமியா என்று சந்தேகப்படக் கூடாது. மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்தாலும், தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்து கொக்கிப்புழு ஏறியிருந்தாலும், போட்ட இரும்பு அப்படியே வெளியே போய்விடும். ஆனால் இவற்றிலெல்லாம் ஃபெரிட்டினும் ஏறாமலே இருக்கும். உங்களுக்கு அது ஏறியிருக்கிறது, அணுதான் வளரவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. காய்ச்சல், சளி, மூட்டு வீக்கம் என்று எந்த அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ரத்தம் கொடுத்த வாரத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாலு மாதம் என்பதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்பு இல்லாத காலத்தில் பிறந்த சின்ன அணுக்கள் அதற்குள் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். இப்போது ஓடுவது இரும்பு கிடைத்த பிறகு பிறந்த அணுக்கள். அக்காவுக்கு எம்.சி.வி. 69-லிருந்து 85-க்கு வந்தது அதனால்தான். உங்களுக்கு 61-லிருந்து 63-க்குத்தான் வந்திருக்கிறது. ஹீமோகுளோபினில் கூடிய 1.4 கிராம், இரும்புக் குறைவு எடுத்துக்கொண்டிருந்த பங்கு. அதற்கு மேல் ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் குளோபின் குறைவுதான் காரணமாக இருக்கும்.

இனி அந்த 3.4க்கு வருகிறேன். பெரியவர்களின் ரத்தத்தில் பெரும்பகுதி ஹீமோகுளோபின் ஏ. அதில் இரண்டு ஆல்பா இழை, இரண்டு பீட்டா இழை. ஏ2 என்பது சிறுபான்மை வகை. அதில் பீட்டாவுக்குப் பதில் டெல்ட்டா இழை இருக்கும். பீட்டா குறைந்தால் ஆல்பா இழைகளுக்கு டெல்ட்டாவோடு சேரும் வாய்ப்பு கூடும். மொத்தத்தில் ஏ2-வின் பங்கு உயரும். வழக்கமாக 3.5 சதவீதத்துக்குள் இருப்பது, பீட்டா ட்ரெய்ட்டில் 4 முதல் 6 வரை போகும். ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து இந்தப் பங்கை அளக்கிறது. நீங்கள் தலசீமியா டெஸ்ட் என்று சொல்வது இதைத்தான்.

இரும்பு குறைந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். இரும்பில்லாத மஜ்ஜையில் ஆல்பா இழைகளின் உற்பத்தி குறைகிறது. கிடைக்கும் கொஞ்சம் ஆல்பாவுக்காகப் பீட்டாவும் டெல்ட்டாவும் போட்டி போடும்போது டெல்ட்டா தோற்கிறது. ஏ2 இறங்குகிறது. ட்ரெய்ட் அதை மேலே தள்ள, இரும்புக் குறைவு கீழே இழுக்க, 4-க்கு அருகில் இருக்க வேண்டியது 3.4-ல் வந்து நின்றுவிடலாம். எல்லோருக்கும் இப்படி இறங்குவதில்லை. ட்ரெய்ட் உள்ள பலருக்கு இரும்பு குறைந்தாலும் ஏ2 உயர்ந்தே இருக்கும். ஆனால் 3.2-க்கும் 3.8-க்கும் இடையில் ஓர் எண், கூடவே ஃபெரிட்டின் 8 என்றால், அந்த ரிப்போர்ட்டை நார்மல் என்று படிக்கக் கூடாது, இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் படிக்க வேண்டும். லேப் கணினிக்கு ஃபெரிட்டின் தெரியாது. 3.5-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அச்சடித்துவிடும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. உங்கள் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார்.

இப்போது எடுக்கும் ஹெச்.பி.எல்.சி.க்கு ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். வெறும் வயிறு தேவையில்லை. கடந்த நாலு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள், அடுத்தவர் ரத்தம் கலந்து விடை குழம்பும். கோத்தகிரியில் எடுத்த ரத்தம் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேர ஒரு நாள் ஆகலாம். குளிர்ச்சியில் வைத்து அனுப்பினால் ஏ2 கெடாது. ஆனால் அணுக்கள் குழாயில் கிடக்கும் நேரத்தில் மெல்ல ஊதும், அதனால் எம்.சி.வி. இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். 77 என்பது 81 ஆகி நார்மலுக்குள் நுழைந்துவிடக்கூடும். ஆகவே ரத்த அணுப் பரிசோதனையை உள்ளூரிலேயே அன்றைக்கே செய்துவிட்டு, ஹெச்.பி.எல்.சி.க்கு மட்டும் கீழே அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால் எம்.சி.ஹெச். என்ற வரியைப் பாருங்கள். அது ஓர் அணுவில் எவ்வளவு ஹீமோகுளோபின் என்ற கணக்கு. அணு ஊதினாலும் அது மாறாது. 27-க்குக் கீழே இருந்தால் குறைவு. உங்கள் 10.8-யும் 5.5-யும் வைத்துக் கணக்கிட்டால் 19.6 வருகிறது.

உங்கள் அம்மா அப்பாவுக்கும் ஒரு சாதாரண ரத்த அணுப் பரிசோதனை எடுக்க முடிந்தால் எடுங்கள். ட்ரெய்ட் என்பது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. அவர்களில் ஒருவருக்கு எம்.சி.வி. 60-களில், ஆர்.பி.சி. 5-க்கு மேல் இருந்தால், குறைந்த செலவில் மிக வலுவான சாட்சி கிடைத்துவிடும். அக்காவுக்கு இல்லை என்பதால் குடும்பத்தில் இல்லை என்று ஆகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு, வராமல் போவதற்கும் பாதி வாய்ப்பு. அக்காவுக்கு வரவில்லை.

மறு பரிசோதனையில் ஏ2 4-ஐத் தாண்டினால் விஷயம் முடிந்தது. மறுபடியும் 3.5-ஐ ஒட்டியே நின்றால், பீட்டா மரபணுவின் லேசான மாற்றமாகவோ ஆல்பா தலசீமியாவாகவோ இருக்கலாம். ஆல்பா வகையில் ஏ2 உயராது, ஹெச்.பி.எல்.சி.யில் தெரியவும் தெரியாது. அப்போது மரபணுப் பரிசோதனைதான் வழி. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அது செய்கிறார்கள்.

உங்கள் கணவரின் பரிசோதனையைத்தான் நான் எல்லாவற்றிலும் அவசரமாக நினைக்கிறேன். தலசீமியா ட்ரெய்ட் உள்ள ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது, ஹீமோகுளோபின் 12, 13 என்றுகூட இருக்கும். ரத்தசோகை இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் இருவருக்குமே பீட்டா ட்ரெய்ட் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வர. அது பிறந்த ஆறு மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏறிய ரத்தத்தின் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும்.

அவருக்கு ரத்த அணுப் பரிசோதனை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தக் கூடாது, ஹெச்.பி.எல்.சி.யும் வேண்டும். காரணம் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் பணியர், குறும்பர் முதலிய பழங்குடிக் குடும்பங்களில், சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் சிக்கிள் செல் மரபணு காணப்படுகிறது. அவர் அந்தக் குடும்பத்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. எந்தக் குடும்பமானாலும் இந்தப் பரிசோதனை தேவைதான். சிக்கிள் ட்ரெய்ட் இருப்பவருக்கு எம்.சி.வி., ஹீமோகுளோபின், ஆர்.பி.சி. எல்லாமே சரியாக இருக்கும். ஹெச்.பி.எல்.சி.யில்தான் எஸ் என்ற வகை தெரியும். அம்மாவிடமிருந்து பீட்டா தலசீமியாவும் அப்பாவிடமிருந்து சிக்கிளும் சேர்ந்து வந்தால், குழந்தைக்குச் சிக்கிள் பீட்டா தலசீமியா என்ற நோய் வரும். கடும் வலி, அடிக்கடி தொற்று என்று அது வாழ்நாள் முழுக்கத் தொடரும். அதற்கும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

அவருடையது சுத்தமாக இருந்தால் கவலைக்கு இடமில்லை. உங்கள் பிள்ளைகளில் சிலர் உங்களைப் போல ட்ரெய்ட்டோடு இருப்பார்கள், அது நோயல்ல. அவருக்கும் ஏதேனும் இருந்தால் இருவருடைய மரபணு மாற்றமும் எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16-வது வாரத்தையொட்டிப் பனிக்குட நீரிலோ குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்க முடியும். மாற்றம் தெரியாமல் பத்தாவது வாரத்தில் வந்து நின்றால் தேடுவதற்கே வாரங்கள் போய்விடும். குழந்தை உண்டாவதற்கு முன்பே என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

மாத்திரை விஷயத்தில் இப்போதைக்கு உங்கள் டாக்டர் சொல்லும்வரை தொடருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று, வெறும் வயிற்றில், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து. டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு. தினமும் போடுவதைவிட இப்படிப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சுவது கூடும், வயிற்றெரிச்சலும் குறையும். கிடங்கு நன்றாக நிரம்பியதும் நிறுத்திவிடலாம்.

அதன் பிறகு யாராவது உங்கள் 10.8-ஐப் பார்த்துவிட்டு இன்னும் ஆறு மாதம் மாத்திரை, இல்லாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஊசி என்றால், முதலில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரெய்ட் உறுதியானால் உங்கள் எம்.சி.வி. 63-ஐ ஒட்டியேதான் இருக்கும், எந்த இரும்பும் அதை 85 ஆக்காது. தேவையில்லாத இரும்பு உடலில் சேர்ந்தால் வெளியேற வழியும் இல்லை. கர்ப்பத்தில் உங்கள் ஹீமோகுளோபின் இன்னும் ஒன்று ஒன்றரை கிராம் இறங்கக்கூடும். அப்போதும் இரும்பு தேவையா என்று தீர்மானிப்பது ஃபெரிட்டின்தான். ஃபோலிக் அமிலத்தை மட்டும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தொடங்கிவிடுங்கள், எவ்வளவு என்று டாக்டர் சொல்வார்.

மறு பரிசோதனைத் தாளை முதல் தாளோடும் இரண்டு ஃபெரிட்டின் தாள்களோடும் ஒன்றாகப் பின் செய்து வைத்திருங்கள். பிரசவத்துக்கு வேறு ஊர் போனாலும் அந்தக் கட்டைக் கையில் கொண்டு போங்கள்.